ஆயாவுக்கும் பேரனுக்கும் ஒரே டாய்லெட்: இந்தியனா, வெஸ்டர்னா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் வீடு கட்டித் தரும் வேலை எடுத்துச் செய்கிறேன். புது வீடு ஒன்று என்றால், பழைய வீட்டில் டாய்லெட் மாற்றித் தரச் சொல்லி வருவது மூன்று. அந்த மூன்றிலும் காரணம் ஒன்றுதான்: வீட்டுப் பெரியவருக்கு முட்டி மடங்கவில்லை. கூடவே, "சின்னப் பிள்ளைங்க இருக்குதே, அதுங்க எப்படி உட்காரும்?" என்ற கேள்வியும் வரும். திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றுக்கு இங்கே எழுதி வைக்கிறேன். தரையோடு இருப்பதை இந்தியன் என்றும், நாற்காலி போல் உட்காருவதை வெஸ்டர்ன் என்றும் கடையில் சொல்வது போலவே சொல்கிறேன்.

வீட்ல இருக்கிறதே ஒரு டாய்லெட். அம்மாவுக்கு 71 வயசு, பையனுக்கு 3. எதைப் போடறது?

வெஸ்டர்ன். மூன்று வயதுப் பிள்ளையை வெஸ்டர்னுக்கு ஏற்றிவிட ஒரு மணையும் ஒரு பிளாஸ்டிக் வளையமும் போதும். முட்டி மடங்காத அம்மாவைத் தரைக்கு இறக்கி மறுபடி தூக்கிவிட அப்படி ஒரு சாமான் கிடையாது. யாருடைய உடம்பு இனி மாறாதோ அவருக்குத் தகுந்ததைப் போட்டுவிட்டு, மாறக்கூடிய உடம்புக்கு மேலே ஏதாவது வைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம். நான் போகிற கணக்கு அதுதான்.

இரண்டு டாய்லெட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒன்று அது, ஒன்று இது. ஆனால் வெஸ்டர்னை அம்மா படுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருப்பதில் போடுங்கள். மாடியில் அட்டாச்டு பாத்ரூமில் வெஸ்டர்னும், கீழே கொல்லைப்புறத்தில் இந்தியனும் போட்டுவிட்டு, மாடி ஏற முடியாத பெரியவரைக் கீழே படுக்க வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நானே கட்டியதும் அதில் உண்டு.

அம்மா இன்னும் குந்த வெச்சு உட்கார்ந்து களை வெட்டறாங்க. அவங்களுக்கும் இப்பவே மாத்தணுமா?

அவசரம் இல்லை. குந்தி உட்கார முடிகிறவருக்கு இந்தியன் நல்லதுதான். வெளிக்குப் போவது சுலபம், தொடை எதிலும் படாது, வீட்டு வழக்கமும் அதுதான். அந்தஸ்துக்காக மட்டும் மாற்றாதீர்கள்.

ஆனால் அம்மாவிடம் கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்லடா" என்றுதான் சொல்வார். டாய்லெட்டைக் கேளுங்கள், அது உண்மையைச் சொல்லும். குழாய் அடிக்கடி சுவரில் லூசாகிறதா? நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை பிளம்பரைக் கூப்பிட்டு இறுக்குகிறீர்களா? பைப்பில் தப்பு இருக்காது. அம்மா எழுந்திருக்கும்போது அதைப் பிடித்துத் தொங்குகிறார். கதவு நிலையில் இடுப்பு உயரத்துக்குக் கீழே கைபட்டுப் பட்டுப் பெயின்ட் மங்கிப்போயிருக்கும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கை ஊன்றி எழுந்திருப்பவர்களும் உண்டு, அந்த வாளியின் அடி விரிசல் விட்டிருக்கும். இதில் ஏதாவது கண்ணில் பட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இன்னொன்று, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். குந்தி இருந்துவிட்டுச் சட்டென்று எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகும்போது இது இன்னும் அதிகம். வெஸ்டர்னிலும் அப்படி வரும்தான். ஆனால் அங்கே ஒரு நிமிடம் உட்கார்ந்தபடியே நிதானித்து எழலாம். எழும்போது கண் இருட்டுகிறது என்று ஒருமுறை சொல்லியிருந்தால்கூட டாக்டரிடம் சொல்லி மாத்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், டாய்லெட்டையும் மாற்றுங்கள்.

எங்க ஊர்ல நாப்பது வயசுலயே முட்டி பிடிச்சுக்குது. தண்ணியாலன்னு சொல்றாங்க, நெஜமா?

எல்லா முட்டி வலிக்கும் தண்ணீர் காரணம் இல்லை, தேய்மானமும் உண்டு. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான், ஃப்ளோரைடால் வரும் ஃப்ளோரோசிஸ் நோயைத் தடுப்பது என்று திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருக்கும் தண்ணீரைப் பல வருடம் குடித்தால் முதலில் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை தெரியும். நாள்பட நாள்பட எலும்பிலும், மூட்டைச் சுற்றியுள்ள தசைநாரிலும் படிந்து முதுகும் மூட்டும் விறைத்துப்போகும்.

ஃப்ளோரோசிஸ் பரிசோதிக்க வருகிறவர்கள் செய்யச் சொல்லும் மூன்று அசைவுகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முட்டியை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். தாடையை நெஞ்சில் வைக்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்தலையைத் தொட வேண்டும். மூன்றில் எது வரவில்லை என்றாலும் இதுதான் நோய் என்று முடிவுகட்டக் கூடாது, அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

டாய்லெட் கணக்குக்கு இது ஏன் என்றால், விறைத்த மூட்டு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. "மருந்து சாப்பிட்டா சரியாயிடும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் பயன் இல்லை. அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த வீட்டுக்காரருக்கே இன்னும் பத்து வருடத்தில் இந்த நிலை வரலாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இரண்டாவது டாய்லெட் இந்தியனாக இருந்தாலும், பின்னால் வெஸ்டர்ன் வைக்கிற மாதிரி இடம் விட்டுக் கட்டுங்கள். உள்ளளவு மூன்றரைக்கு ஐந்து அடி இருந்தால் போதும்.

உடைக்காம, இந்தியன் மேலயே ஒரு ஓட்டை ஸ்டூல் வெச்சுக்கலாமா?

வைக்கலாம். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு அதுவே போதும். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் வேறு வழி இல்லை. மெடிக்கல் கடையிலும் சர்ஜிக்கல் கடையிலும் கமோடு ஸ்டூல் என்று கேட்டால் தருவார்கள்.

வாங்குமுன் பீங்கானை அளந்துகொண்டு போங்கள். ஸ்டூலின் நாலு காலும் டைல்ஸில் நிற்க வேண்டும், கால் வைக்கும் மேட்டில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்றால் ஆடும். பழைய டாய்லெட்டுகளில் மேடை குறுகலாக இருப்பதால் இதுதான் பெரிய தொல்லை. காலடியில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள், தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ரப்பர் போன இரும்புக் கால் ஈர டைல்ஸில் வழுக்கும். பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில் நீங்களே ஓட்டை போட்டுத் தராதீர்கள். அது பாரத்தில் பிளந்துகொள்ளும்.

பிள்ளைகளும் அதே டாய்லெட்டைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் எடுத்து, வைத்து, கழுவ வேண்டும். ராத்திரி யாரோ எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா போய் இருட்டில் தேடுவார். ஒரு டாய்லெட் வீட்டில் இந்த ஏற்பாடு நீடிக்காது என்று சொல்வது அதனால்தான்.

பெரியவங்களுக்குன்னே உயரமா ஒரு வெஸ்டர்ன் வந்திருக்காமே, அதையே வாங்கிடட்டுமா?

என் அம்மாவுக்கு வாங்கி நான் கையைச் சுட்டுக்கொண்டது அதில்தான். சாதாரண வெஸ்டர்ன் பீங்கான் தரையிலிருந்து 15½, 16 அங்குலம் இருக்கும், மூடி வளையத்தோடு இன்னும் முக்கால் அங்குலம். பெரியவர்களுக்கு என்று விற்பது 17, 18 அங்குலம், அதற்கு மேலும் உண்டு. உயரம் கூடினால் எழுவது சுலபம் என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. என் அம்மா நாலடி பத்து அங்குலம்தான் என்பதை நான்தான் யோசிக்கவில்லை. உட்கார்ந்தால் குதிகால் தரையில் படவில்லை, பெருவிரல் மட்டும் தொட்டது. தொடையின் பின்பக்கத்தை வளையம் அழுத்தி, பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போய், எழும்போது தடுமாறினார். முன்பு முட்டி வலி மட்டும் இருந்தது, நான் அதோடு மரத்துப்போவதையும் சேர்த்துக் கொடுத்தேன். கடைசியில் காலுக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்குத் தரையையே உயர்த்தி டைல்ஸ் ஒட்டினேன்.

இப்போது அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, வெறுங்காலைத் தரையில் முழுதாக ஊன்றச் சொல்லி, தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை டேப் வைத்துப் பாருங்கள். வளையத்தோடு சேர்த்த உயரம் அந்த அளவோ, அதைவிட ஒரு அங்குலம் கூடவோ இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்த அளவு குறைவாக வந்து, முட்டியும் மோசமாக இருந்தால், உயரத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டுக் கைப்பிடிக் கம்பியில் செலவு செய்யுங்கள்.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அம்மா எப்படி எழுகிறார் என்று பாருங்கள். கைப்பிடியை ஊன்றி எழ முடிகிறது என்றால், சாதாரண வெஸ்டர்னும் பக்கத்துச் சுவரில் ஒரு கம்பியும் அவருக்குச் சரி.

பழைய இந்தியனை எடுத்துட்டு அதே குழாய்ல வெஸ்டர்ன் வெக்க முடியுமா? எத்தனை நாள் ஆகும்?

முடியும், ஆனால் "அதே குழாயில்" என்பதில்தான் கோளாறு ஒளிந்திருக்கிறது. மாரண்டஅள்ளி போகிற வழியில் செய்த ஒரு வேலையைச் சொன்னால் விளங்கும். மாமியாருக்கு 68 வயது, இரண்டு முட்டியும் தேய்மானம். பிள்ளைகளுக்கு ஆறும் மூன்றும். டாய்லெட் மூன்றரைக்கு ஐந்து அடி, கதவு உள்பக்கம் திறக்கும். பீங்கான் 7 அங்குல மேடைமேல் இருந்தது. மாமியாருக்கு உட்காருவதைவிட அந்த மேடை ஏறுவதுதான் பயம்.

முதல் நாள் மேடையை முழுக்க உடைத்து, பீங்கானையும் அதன் கீழே இருந்த டிராப்பையும் வெளியே எடுத்தோம். டிராப் என்பது வளைந்த குழாய். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, குழியின் நாற்றம் மேலே வராமல் தடுக்கும். இந்தியனில் அது தனியாக அடியில் இருக்கும். வெஸ்டர்னில் பீங்கானுக்குள்ளேயே சேர்ந்து வார்த்திருக்கும்.

உடைக்கும் கூலியை மிச்சம் பிடிக்க, பழைய டிராப்பை அப்படியே விட்டுவிட்டு அதன் வாயில் வெஸ்டர்னை உட்கார வைக்கிறார்கள். அப்போது ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு டிராப் ஆகிறது. நடுவில் மாட்டிய காற்று வெளியேற வழியில்லாமல், ஃபிளஷ் செய்த தண்ணீர் பீங்கானில் மேலே ஏறி, விளிம்பு வரை வந்து நின்று, அப்புறம் மெதுவாகக் குடுகுடுவென்று இறங்கும். கட்டி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஆறு மாதத்தில் அடைக்கும். வேறு ஒருவர் அப்படிச் செய்து வைத்த வீட்டை நான் திரும்ப உடைத்துச் சரிசெய்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதுவரை பீங்கான் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் வேலை நடக்கும்போது, எடுத்த பழைய டிராப்பைக் கண்ணால் பார்த்துவிட்டே புதியதை வைக்க விடுங்கள்.

அடுத்தது அளவு. கழிவு கீழே தரைக்குள் இறங்கும் பீங்கானை எஸ் டிராப் என்பார்கள். பின்சுவரிலிருந்து குழாய் நடு வரை 9 அங்குலம், 12 அங்குலம் என்ற அளவில் கிடைக்கும், 4 அங்குலத்திலும் உண்டு. அந்த வீட்டில் டிராப்பை எடுத்த பிறகு குழாய் நடு, சுவரிலிருந்து 15 அங்குலத்தில் இருந்தது. அப்படியே வைத்தால் பீங்கான் மூன்று அங்குலம் முன்னால் வந்துவிடும். ஐந்தடி நீளத்தில் பீங்கானுக்கே 27, 28 அங்குலம் போய்விடும். வாக்கர் வைத்து வரும் பெரியவருக்கு அந்த மூன்று அங்குலமும் வேண்டும். அதனால் தரையைக் கொத்தி, 4 அங்குலக் குழாயை 12 அங்குலத்துக்கு இழுத்தோம். அளவை டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து எடுக்க வேண்டும். பூச்சுக்கு முன் எடுத்தால் ஒரு அங்குலம் போய்விடும்.

கழிவுக் குழாய் போய்ச் சேரும் தொட்டியான செம்பர் பின்சுவருக்கு வெளியேயே இருந்தால் பி டிராப் வாங்கலாம். அது சுவர் வழியாகப் போகும், தரையிலிருந்து ஏறக்குறைய 7 அங்குல உயரத்தில் ஓட்டை போட்டால் போதும், தரையைக் கொத்த வேண்டாம். இந்த வீட்டில் செம்பர் பக்கவாட்டில் இருந்தது, அதனால் பயன்படவில்லை.

இரண்டாம் நாள் குழாய் இணைப்பு, பீங்கான், ஃபிளஷ் டேங்க். பீங்கானின் வாய்க்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் கனெக்டர் போட்டோம். சிமென்டை அடைத்து மூடினால் ஒரு நாள் பீங்கானை எடுக்க வேண்டி வந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அடியில் ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அதற்கப்புறம்தான் சுற்றிலும் வெள்ளை சிமென்ட். ஸ்க்ரூ இல்லாமல் வெள்ளை சிமென்டில் மட்டும் நிற்கும் பீங்கான், பெரியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்து எழுந்து இரண்டே வருடத்தில் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் அடியில் கசியும்.

மூன்றாம் நாள் சொரசொரப்பான டைல்ஸ், கம்பி, கதவு. டைல்ஸ் காய ஒரு நாள் விட்டோம். அந்த நான்கு நாளும் மற்றவர்கள் பக்கத்துப் பங்காளி வீட்டுக்குப் போனார்கள். மாமியாருக்கு மட்டும் அடியில் வாளி வைத்த கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். வேலையைத் தொடங்குமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். செலவைக் கேட்டால், பீங்கான் விலையைவிட உடைப்பும் டைல்ஸும் கூலியும்தான் அதிகம் இழுக்கும்.

எங்களுது அரசு மானியத்துல கட்டின ரெண்டு குழி டாய்லெட். வெஸ்டர்ன் போட்டா குழி தாங்குமா?

மண்ணைப் பொறுத்தது. தூய்மை பாரதத்தில் 12,000 ரூபாய் கொடுத்துக் கட்டச் சொன்ன இரண்டு குழி முறையில், பீங்கான் செங்குத்தான சரிவோடு இருக்கும், டிராப்பில் 2 சென்டிமீட்டர் தண்ணீர்தான் நிற்கும். ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினாலே போய்விடும். வெஸ்டர்னில் 5 சென்டிமீட்டர் நிற்கும். அதைத் தள்ள முழு ஃபிளஷ்ஷுக்கு 6 லிட்டர் வேண்டும், பாதிக்கு 3. ஐந்து பேர் வீட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை என்று வைத்தால், குழிக்குப் போகும் தண்ணீர் 15 லிட்டரிலிருந்து 45 லிட்டருக்கு ஏறுகிறது. சிறுநீருக்குப் போவது தனி.

இந்தக் குழிக்கு அடிப்பூச்சு கிடையாது, சுற்றியுள்ள மண்தான் தண்ணீரைக் குடிக்க வேண்டும். செம்மண்ணும் மணலும் கலந்த இடத்தில் ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள குழி இந்த அளவைக் குடித்துவிடும். களிமண்ணிலும், நாலடியில் பாறை தட்டும் இடத்திலும் குடிக்காது. நம்ம பக்கம் பாறைக்கா பஞ்சம். ஐப்பசி மழையில் இப்போதே உங்கள் பீங்கானில் தண்ணீர் மெதுவாக இறங்கினால், குழி நிரம்பி நிற்கிறது என்று பொருள். அதில் வெஸ்டர்னைப் போடாதீர்கள், முதலில் செப்டிக் டேங்குக்கு வழி பாருங்கள்.

குழி நல்லபடி இருந்தால் 3, 6 என்று இரண்டு பட்டன் உள்ள டேங்க் வாங்குங்கள். குளிக்கிற தண்ணீரை அதில் விடாதீர்கள். கரண்ட் இல்லாமல் மேல்டேங்க் காலியானால் வாளியில் ஊற்றலாம். ஆனால் சொம்பு சொம்பாக ஊற்றினால் மட்டம் ஏறி இறங்குமே தவிரத் தள்ளாது. அரை வாளியை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். அம்மாவால் வாளி தூக்க முடியாது என்பதால் வீட்டில் வேறு யாராவது ஊற்றித் தர வேண்டியிருக்கும்.

உப்புத் தண்ணி. ஃபிளஷ் டேங்க் நாலு மாசத்துல கெட்டுப்போவுது.

கெட்டுப்போவதில்லை, சுண்ணாம்பு படிகிறது. டேங்குக்குள் இருக்கும் ரப்பர் சரியாக மூடாமல் நாள் முழுக்கக் கசியும். டேங்கில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரையும் போக விடாமல் பீங்கானைப் பாருங்கள். மஞ்சள் இறங்கியிருந்தால் கசிவு. ரப்பரைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ராத்திரி ஊறவைத்தால் பெரும்பாலும் சரியாகும். பீங்கான் கறைக்கு ஆசிட் ஊற்றும் அன்று பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். சின்ன ரூமில், அதுவும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் விளையாட்டு இல்லை.

பையன் வெஸ்டர்ன்ல உட்கார பயப்படறான். வெளியில வாசல்ல போயிட்டு வந்து சொல்றான்.

வளையம் பெரியவர்கள் அளவு. பிள்ளையின் இடுப்பு உள்ளே இறங்கிவிடும், இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். கால் காற்றில் ஆடும். அப்படி இருக்கும்போது அடிவயிறும் ஆசனவாய்த் தசையும் தளராது. விழுந்துவிடாமல் இறுக்கிப் பிடிப்பதிலேயே கவனம் போகும். இரண்டு நாள், மூன்று நாள் என்று அடக்குவான், கெட்டியாகும், வலிக்கும், அந்த வலிக்குப் பயந்து மேலும் அடக்குவான். பிள்ளைக்கு மலச்சிக்கல் என்று டாக்டரிடம் போகும் வீடுகளில் எத்தனை பேர் பிள்ளையின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

வேண்டியது இரண்டு. ஒன்று, வளையத்தின் மேல் வைக்கும் சின்ன வளையம், நகராமல் அடியில் ரப்பரோடு. இன்னொன்று, இரண்டு பாதமும் முழுதாகப் படும் அகலமான மணை. உயரம் பிள்ளைக்குத் தகுந்தபடி, உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். மூன்று வயதுக்கு எட்டு, ஒன்பது அங்குலம் தேவைப்படும். அந்த மாமியார் வீட்டில், குளிக்க உட்காரும் பழைய மரமணைக்குக் கால் வைத்துத் தந்தோம். முக்கியமான ஒன்று: பிள்ளை போய் முடித்ததும் மணையும் சின்ன வளையமும் சுவரில் ஆணியில் ஏற வேண்டும். ராத்திரி மணை தரையில் கிடந்தால் ஆயா தடுக்கி விழுவார். ஆறு வயதுக்காரிக்கு அந்த வேலையை ஒப்படைத்தார்கள், அவள் கண்டிப்பாகச் செய்கிறாள்.

இந்தியனை மட்டும் வைத்திருக்கும் வீட்டிலும் மூன்று வயதுக்குப் பயம் வரும். பீங்கானின் இரண்டு பக்கமும் கால் வைக்க அவனுக்கு எட்டாது, உள்ளே வழுக்கும். நாலு வயது வரை பிள்ளைகளுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் கமோடு போதும். எதில் போனாலும், டாய்லெட்டில் வாளி நிறையத் தண்ணீர் வைத்துக் கதவைத் திறந்து போடாதீர்கள். தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் அரை வாளியே உயிரை எடுக்கும்.

வெஸ்டர்ன்லயே பழகிட்டா ஸ்கூல்ல எப்படிப் போவான்?

பள்ளிக்கூடத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் பெரும்பாலும் இந்தியன்தான். கல்யாண வீட்டிலும் அதுவே. அதனால் குந்தத் தெரியாமல் வளர்க்கக் கூடாது. குந்துவதற்குக் கணுக்கால் மடங்க வேண்டும், அது தினமும் மடக்கினால் தானாக வரும். குதிகாலை ஊன்றி உட்கார்ந்து கோலி ஆடட்டும், ஆயாவோடு கடலைக்காய் உரிக்கட்டும். தாத்தா வீட்டுக்குப் போகும்போது இந்தியனில் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை உட்கார வையுங்கள். ஒன்றாம் வகுப்புக்குப் போகுமுன் பழகிவிடுவான்.

அம்மா வெஸ்டர்ன்ல உட்கார்ந்தா வரவே மாட்டேங்குதுன்னு சொல்றாங்க.

அறுபது வருடம் குந்திப் பழகிய உடம்பு. குந்தும்போது மலக்குடலின் வளைவு நேராகும், நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த அளவு நேராகாது. முட்டி இடம் கொடுத்தால் காலுக்கு அடியில் ஆறு அங்குல மணை வைத்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் சாயச் சொல்லுங்கள். மணையை அவர் உட்கார்ந்த பிறகு வேறொருவர் நகர்த்தி வைத்து, எழுமுன் எடுக்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவருக்கு மணையும் வேண்டாம், முன்னால் சாய்வதும் வேண்டாம், டாக்டர் சொன்ன கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது.

பழக்கம் விடாமல், வெஸ்டர்ன் விளிம்பில் ஏறிக் குந்தும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பீங்கான் அப்படி ஏறி நிற்பதற்குச் செய்ததில்லை. உடைந்தால் கத்தியைவிடக் கூராக வெட்டும். இரண்டுக்கும் பொதுவாக ஆங்கிலோ இந்தியன் என்று கால் வைக்கும் விளிம்போடு வருவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. பதினாறு அங்குல உயரத்தில் ஈர விளிம்பில் குந்துவது பெரியவருக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது.

கம்பி எங்க வெக்கணும்? கதவுல ஏதாவது மாத்தணுமா?

அம்மாவுக்கு எந்தக் கை பலமோ அந்தப் பக்கச் சுவரில். பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கை இருக்கும் பக்கம். உட்கார்ந்திருக்கும் வளையத்திலிருந்து 8, 9 அங்குலம் மேலே படுத்த கம்பி ஒன்று, அதன் முன்முனையில் நின்ற கம்பி ஒன்று, எல் வடிவத்தில் ஒன்றாகவே கிடைக்கும். படுத்ததை ஊன்றி எழுந்து, நின்றதைப் பிடித்து நிமிர்வார்கள். டவல் மாட்டும் கம்பியைப் போட்டு ஏமாற்றாதீர்கள். செங்கல் வரை இறங்கும் ஆங்கர் போல்ட் போட வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் ஸ்க்ரூ முதல் இழுப்பில் வந்துவிடும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் அந்த இடத்தில் பொந்தை கான்கிரீட்டால் நிரப்பிவிட்டுத்தான் போடுவேன். மாட்டி முடித்ததும் வீட்டிலேயே கனமான ஆளைக் கூப்பிட்டு இரண்டு கையாலும் தொங்கச் சொல்வேன். அந்த மாமியார் வீட்டில் மருமகன் தொங்கினார், 92 கிலோ, பிள்ளைகள் கைதட்டின.

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி திருப்பிவிடுங்கள். உள்ளே மயங்கி விழுந்தவர் பெரும்பாலும் கதவின் மேலேதான் சாய்ந்து கிடப்பார், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளினால் அவரையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும். தாழ்ப்பாளுக்குப் பதில், வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தைத் திருப்பித் திறக்கும் பூட்டு கிடைக்கிறது. மூன்று வயதுக்காரன் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும் நாளிலும் அதுதான் உதவும். அந்த வீட்டில் பூட்டு மாட்டிய மறுநாளே அவன் அதைச் செய்து காட்டிவிட்டான், மாமியார்தான் சுருக்குப்பையிலிருந்து நாணயத்தை எடுத்துத் திறந்தாராம்.